எண்பது குப்பி இருக்கும் இடத்தில் கேட்காதீர்கள்

கண்ணாடி விரியன் கடித்தவருக்கு எத்தனை குப்பி முறிவு மருந்து வேண்டும் என்பதற்கு இந்திய மருத்துவ வழிகாட்டுதல்களில் ஓர் எளிய கணக்கு உண்டு. இந்தப் பாம்பு ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் நஞ்சைச் செலுத்துகிறது. இந்தியாவில் தயாராகும் முறிவு மருந்தின் ஒரு மில்லிலிட்டர், 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் நஞ்சை முறிக்கும். ஒரு குப்பியில் 10 மில்லிலிட்டர். ஆக, குப்பிக்கு 6 மில்லிகிராம். 63-ஐ 6-ஆல் வகுத்தால் பத்தைக் கொஞ்சம் தாண்டும். நோயாளி வந்ததும் முதலில் பத்துக் குப்பி ஏற்றுவதன் பின்னணி இதுதான்.

முதல் பத்து ஏறிய பிறகு நடப்பதுதான் நம் கதைக்கு வேண்டியது. விரியன் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுக்கிறது. இதைக் கண்டறிய விலை உயர்ந்த கருவி வேண்டாம். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் இரத்தத்தை எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஒழுகினால் நஞ்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். மருந்து ஏற்றிய பின் இதே சோதனையை ஆறு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி செய்ய வேண்டும். ஏனென்றால் மருந்து நஞ்சைத்தான் முறிக்கும். தீர்ந்துபோன உறைபொருள்களைக் கல்லீரல்தான் புதிதாக உண்டாக்க வேண்டும். அதற்குச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். அப்போதும் இரத்தம் உறையவில்லை என்றால் இன்னொரு பத்துக் குப்பி.

மருத்துவர் இந்த ஆறு மணி நேரத்தைச் சிகிச்சையின் இடைவெளியாகப் பார்ப்பார். மருந்து ஸ்டோரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வேறொன்று. முதல் பத்துக் குப்பி கட்டிடத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இரண்டாவது பத்து ஆறு மணி நேரத் தொலைவுக்குள் எங்கே இருந்தாலும் போதும்.

பக்கத்துத் தாலுகா மருத்துவமனையின் அலமாரியில் இருந்தாலும்கூட.

ஒரு கிளையில் சரக்கு தீர்ந்துவிட்டது, மற்றொரு கிளையில் இருக்கிறது. உற்பத்தியாளருக்குப் புது ஆர்டர் போடாமல் அங்கிருந்து இங்கே எடுத்து வந்து சமாளிப்பதைத் துணிக்கடை, செருப்புக்கடை, டயர் கடை என்று பல கிளை வைத்திருக்கும் எல்லாருமே செய்கிறார்கள். இதைக் கணக்காக எழுதிப் பார்த்த ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று, கிருஷ்ணன், ராவ் என்ற இருவர் 1965-இல் வெளியிட்ட கட்டுரை. ஒரே நிறுவனத்தின் பல கிடங்குகள் ஒன்றுக்கொன்று சரக்கு கொடுத்துக்கொள்ள முடியுமானால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு வைக்க வேண்டும் என்பதே அவர்கள் எடுத்த கேள்வி. பிற்பாடு உதிரிபாகத் துறை இதை இறுகப் பிடித்துக்கொண்டது. சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனத்தின் உதிரிபாகக் கிடங்குகளை வைத்து, எல்லாக் கிடங்கும் எல்லாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை, குறிப்பிட்ட சில மட்டும் கொடுத்தாலே பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும் என்று 2009-இல் காட்டினார்கள்.

செருப்புக்கடையில் கணக்கு தப்பினால் ஒரு வாடிக்கையாளர் போவார். பாம்புக்கடியில் அப்படி இல்லை. தவிர, இங்கே புது ஆர்டர் என்பது அவசரத்துக்கு உதவவே உதவாது. முறிவு மருந்து இரசாயனத் தொழிற்சாலையில் கலக்கித் தருவதல்ல. முதலில் நஞ்சு வேண்டும். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாட்டின் முக்கிய நஞ்சு ஆதாரங்களில் ஒன்று. அந்த நஞ்சைச் சிறு சிறு அளவில் குதிரைகளுக்குப் பல வாரங்கள் ஏற்றி, அவற்றின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் ஊறிய பின் பிளாஸ்மாவை எடுத்து, சுத்திகரித்து, உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். அதைச் செய்யும் நிறுவனங்களும் நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

தொழிற்சாலையில் தயாராக இருந்தாலும் நாள் பிடிக்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது, 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருந்து மாவட்டக் கிடங்குக்கு வந்து இறங்கியதும் நேரே மருத்துவமனைக்குப் போய்விடாது. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தரமானது என்று அறிக்கை வந்த பிறகே வெளியே கொடுப்பார்கள். ஆகவே கிடங்கில் பெட்டி பெட்டியாக மருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தொட முடியாத நாட்கள் உண்டு. பக்கத்து மருத்துவமனையின் அலமாரியில் இருக்கும் குப்பியோ இந்தப் படிகளையெல்லாம் ஏற்கெனவே தாண்டி வந்தது. பக்கவாட்டில் நகர்த்துவதன் முதல் லாபம் தூரம் குறைவு என்பதல்ல, காத்திருப்பை ஏற்கெனவே முடித்த சரக்கு அது என்பதுதான்.

இரண்டாவது லாபம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு கற்பனை மாவட்டத்தில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மருத்துவமனைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் பதினான்கு நாளுக்கு ஒருமுறை மருந்து வரும். அந்தப் பதினான்கு நாளில் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டு விரியன் கடி நோயாளிகள் வருகிறார்கள். பத்தோடு நிற்கிறவர்களும் உண்டு, இருபது வாங்குகிறவர்களும் உண்டு. பாதுகாப்புக்காக ஆளுக்கு இருபது குப்பி என்றே கணக்கிடுவோம்.

சராசரி இரண்டு என்பதால் இரண்டு பேருக்கான மருந்து போதாது. சில தவணைகளில் யாருமே வரமாட்டார்கள், சில தவணைகளில் ஐந்து பேர் வருவார்கள். தற்செயலாக நிகழும் இப்படிப்பட்ட வருகைகளைக் கணக்கிடப் புள்ளியியலில் பாய்சான் பரவல் என்ற கருவி இருக்கிறது. அதன்படி, ஒரு மருத்துவமனை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுத் தவணைகளில் கைவிரிக்காமல் இருக்க வேண்டுமானால் ஐந்து பேருக்கு, அதாவது 100 குப்பி வைத்திருக்க வேண்டும். நான்கும் தனித்தனியே வைத்தால் 400.

இப்போது நான்கையும் ஒரே இருப்பாகப் பாருங்கள். மொத்தச் சராசரி எட்டு நோயாளிகள். அதே தொண்ணூற்றெட்டுக்கு இங்கே பதினான்கு பேருக்கான மருந்து, 280 குப்பி, போதும். வடக்கில் ஐந்து பேர் வரும் அதே தவணையில் தெற்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் ஐந்தைந்து பேர் வருவது மிக அரிது. ஒன்றின் ஏற்றத்தை மற்றொன்றின் இறக்கம் சமன்செய்துவிடும். 400-ஐக் குறைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாலும் லாபம்தான். ஒன்றுக்கொன்று கொடுக்காவிட்டால் நான்கில் ஏதாவது ஒன்று கைவிரிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறரை. கொடுத்துக்கொண்டால் பத்தாயிரம் தவணைக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

பேசும்போது கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. நான்கு ஊரிலும் நடப்பது ஒன்றோடொன்று தொடர்பில்லாதது என்று அது எடுத்துக்கொள்கிறது. பாம்புக்கடி அப்படிப்பட்டதல்ல. மழை பெய்தால் மாவட்டம் முழுக்கப் பெய்கிறது, அறுவடை எல்லா வயலிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடக்கிறது. அந்த வாரங்களில் நால்வருக்கும் சேர்ந்தே ஏறும், சமன்செய்ய யாரிடமும் இறக்கம் இருக்காது. ஆகவே பருவத்துக்கு முன் எல்லாருடைய அடிப்படை அளவையும் உயர்த்தியாக வேண்டும். பக்கத்து ஊர் கொடுக்கும் என்று 280-ஐ நம்பி மழைக்காலத்தில் இறங்குவது ஆபத்து.

சரி, ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். மாலை நான்கு மணி. வடக்கில் ஒரு விரியன் கடி நோயாளி வருகிறார். கடைசிப் பத்துக் குப்பியும் ஏற்றியாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு மறு சோதனை. இரத்தம் உறையாவிட்டால் இன்னும் பத்து வேண்டும். அதற்குள் இன்னொருவர் வந்துவிட்டால் அவருக்கான முதல் பத்தும் வேண்டும். ஆக, பத்து மணிக்குள் இருபது குப்பி வந்து சேர வேண்டும். மாவட்டக் கிடங்கில் புதுச் சரக்கு இருக்கிறது, ஆனால் ஆய்வக அறிக்கை வரவில்லை.

மேற்கில் இருபதுதான் இருக்கிறது. அங்கே கேட்பதில் பயனில்லை. கிழக்கு 22 கிலோமீட்டர், அலமாரியில் 80 குப்பி, நேற்றுத்தான் சரக்கு வந்தது. தெற்கு 48 கிலோமீட்டர், 60 குப்பி. யாருக்குப் போன் போடுவீர்கள்? பெரும்பாலான ஸ்டோர்களில் கிழக்குக்குத்தான் போடுவார்கள். கிட்டத்தில் இருக்கிறது, கையிலும் அதிகம் வைத்திருக்கிறது.

ஆனால் நேற்றுச் சரக்கு வந்தது என்பதை இன்னொரு பக்கமாகப் படிக்க வேண்டும். கிழக்குக்கு அடுத்த சரக்கு இன்னும் பதின்மூன்று நாளுக்கு வராது. அந்த 80 குப்பியும் பதின்மூன்று நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். தெற்குக்கு ஐந்து நாளில் வந்துவிடும். அதன் 60 ஐந்து நாளைத் தாண்டினால் போதும். கணக்கைப் போட்டால் இப்படி வருகிறது. கிழக்கு எதுவும் கொடுக்காமல் இருந்தாலே அடுத்த சரக்குக்குள் தட்டுப்பாடு வரும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு. இருபதைக் கொடுத்துவிட்டால் அது பன்னிரண்டாக ஏறும். தெற்கு கொடுக்காவிட்டால் ஒன்றுக்கும் கீழே, இருபது கொடுத்த பிறகும் நான்குக்குள்தான். கிழக்கு கொடுப்பதால் மாவட்டத்துக்குச் சேரும் கூடுதல் ஆபத்து எட்டு என்றால், தெற்கு கொடுப்பதால் சேர்வது மூன்று. குறைவாக வைத்திருப்பவர்தான் சரியான கொடையாளி. 48 கிலோமீட்டரை ஆம்புலன்ஸோ ஜீப்போ ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடும். பத்து மணிக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது.

அலமாரியில் எத்தனை இருக்கிறது என்பது பாதிக் கேள்வி. எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பது மீதிப் பாதி. பல கிளை நடத்தும் இடங்களில் கணினித் திரையில் இருப்பு எண் மட்டும் பெரிதாகத் தெரியும், அடுத்த சரக்கு வரும் தேதி எங்கோ இன்னொரு பக்கத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வைத்தாலே தவறான போன் அழைப்புகள் பாதி குறையும் என்பது என் கணிப்பு.

இதே கணக்கு, கடித்தது கட்டுவிரியனாகவோ நல்ல பாம்பாகவோ இருந்தால் வேறு விடை தரும். அவற்றின் நஞ்சு நரம்பைத் தாக்குகிறது. மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடலாம். இரண்டாவது தவணை தேவையா என்ற முடிவை ஓரிரு மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும். ஆறு மணி நேரச் சலுகை இல்லை. அப்போது 22 கிலோமீட்டர் கிழக்குதான். எட்டு, மூன்று என்ற கணக்கெல்லாம் நேரம் இருக்கிறவர்களுக்கு.

எந்தச் சூழலிலும் ஒரு மருத்துவமனை கொடுக்கக் கூடாத அளவு ஒன்று உண்டு. இங்கே அது பத்துக் குப்பி, அடுத்து வாசலில் வந்து நிற்கப்போகிற ஆளின் முதல் தவணை. இதைப் பேச்சுவாக்கில் விட்டுவிடாமல் எழுதி ஒட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவசரமாகக் கேட்கும் குரலுக்கு இரங்கிக் கடைசிக் குப்பிவரை கொடுத்துவிடுவார்கள். வடக்கிலிருந்த ஓட்டை தெற்குக்கு இடம் மாறும், அவ்வளவுதான். மருந்தே ஏற்றாமல் பாம்புக்கடி நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்து வழியில் உயிர் போவதைத் தடுக்கத்தான் எல்லா இடத்திலும் முதல் தவணை இருக்க வேண்டும் என்கிறார்கள். இந்த அடிமட்ட அளவுக்கு மேலே இருப்பது மட்டுமே மாவட்டத்தின் பொது இருப்பு.

குப்பியோடு கூடவே போக வேண்டியது காகிதம். பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் எழுதாமல் குப்பி கைமாறக் கூடாது. குதிரையின் புரதம் மனித உடலில் ஏறும்போது ஒவ்வாமை வருவது சாதாரணம். ஒரே பேட்ச்சில் அது வழக்கத்துக்கு மீறி வந்தால் அந்தப் பேட்ச் எந்தெந்த ஊரில் இருக்கிறது என்று உடனே தெரிந்தாக வேண்டும். பொடியாக உலர்த்திய மருந்து என்றால் பயணம் சுலபம். திரவ வடிவம் என்றால் 2 முதல் 8 டிகிரிக்குள் ஐஸ் பெட்டியில் போக வேண்டும். இருசக்கர வாகனத்தின் டிக்கியில் வெயிலில் போன திரவக் குப்பி பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வேலை செய்யுமா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது.

எந்தக் குப்பியைக் கொடுப்பது என்பதில் ஒரு சிறு தந்திரம் அடிக்கடி நடக்கும். காலாவதிக்கு நெருங்கியதைத் தள்ளிவிடுவது. இந்த இடத்தில் அது தவறல்ல என்பதுதான் வேடிக்கை. வடக்கில் இன்றிரவே ஏறப்போகிற குப்பிக்கு மூன்று மாத ஆயுள் போதுமே. ஆனால் வடக்கின் அலமாரியில் காப்பாக உட்காரப்போகிற பத்துக்கு அது சரிப்படாது. ஆகவே இன்றைக்கு வேண்டியதைப் பழைய பேட்ச்சிலும், வைத்திருக்க வேண்டியதைப் புதிய பேட்ச்சிலும் கொடுப்பதே நியாயம். அவசரம் இல்லாத நாட்களில் இதையே முன்கூட்டிச் செய்யலாம். வருடத்துக்கு இரண்டு நோயாளி வரும் சின்ன ஆஸ்பத்திரியில் தூங்கும் குப்பிகளைக் காலாவதிக்குச் சில மாதம் முன்பே பெரிய இடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து புதியதை வாங்கிக்கொள்வது.

இனி, கைமாற்றின் பிறகு வரும் கேடு. என் பார்வையில் தட்டுப்பாட்டைவிட இதுதான் ஆழமானது. தெற்கிலிருந்து இருபது குப்பி போனது. தெற்கின் பதிவேட்டில் வழங்கியது இருபது என்று எழுதுகிறார்கள். வடக்கில் யாரும் அதைச் செலவு என்று தனியே எழுதவில்லை, வாங்கியதும் ஏற்றியதும் ஒரே இரவில் முடிந்துவிட்டது. வருட முடிவில் அடுத்த ஆண்டின் தேவையைக் கணிக்கிறவர் பார்ப்பது என்ன? தெற்கில் செலவு அதிகம், வடக்கில் குறைவு. தெற்குக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுகிறார், வடக்குக்குக் குறைக்கிறார். மறு வருடம் வடக்கு முன்பைவிடச் சீக்கிரம் தீர்ந்து, தெற்கிடம் முன்பைவிட அதிகமாகக் கேட்கிறது. அதுவும் தெற்கின் செலவாகவே ஏறுகிறது. எல்லாரும் உதவிதான் செய்தார்கள். ஆனால் ஒவ்வோர் உதவியும் வடக்கில் பாம்பே இல்லை என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டே போனது.

தீர்வு ஒரு பத்திதான். கொடுத்தது செலவுப் பத்தியில் வரக் கூடாது, மாற்றம் என்ற தனிப் பத்தியில் வர வேண்டும். நோயாளிக்கு எங்கே ஏறியதோ அங்கேதான் செலவு. கேட்டும் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட நோயாளியும் அந்த ஊரின் தேவையாகப் பதிவாக வேண்டும். நடக்காத செலவை எந்தப் பதிவேடும் தானாகக் காட்டாது.

இதோடு ஒட்டியது இரட்டை ஆர்டர். பதற்றத்தில் வடக்கு தெற்கிடமும் வாங்கும், கிடங்குக்கும் அவசர இன்டென்ட் போடும். குப்பி வந்து நோயாளி பிழைத்த பிறகு இன்டென்ட்டை யாரும் ரத்து செய்வதில்லை. இரண்டு வாரம் கழித்து அதுவும் வந்து இறங்கி அலமாரியில் காலாவதியாகும். வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்ற வழக்கமும் இதே வகை வீண். இருபது குப்பியைத் திரும்பத் தெற்குக்கு ஏற்றி அனுப்புவதற்குப் பதில், அடுத்த தவணையில் கிடங்கு தெற்குக்கு இருபது கூட்டி, வடக்குக்கு இருபது குறைத்துக் கொடுத்தால் வண்டியே தேவையில்லை.

அப்படிச் செய்து தருவதாகக் கிடங்கு உறுதி சொல்லாத இடத்தில் இன்னொன்று நடக்கும். கொடுப்பவருக்குப் பலன் எதுவும் இல்லை. நாளை அவருக்குத் தீர்ந்தால் கேள்வி கேட்பது மட்டும் அவரைத்தான். அதனால் இருப்பைக் குறைத்துச் சொல்ல ஆரம்பிப்பார்கள். திரையில் 30, பூட்டிய அலமாரியில் இன்னும் 30. எல்லாரும் இப்படிச் செய்தால் மாவட்டத்தில் மருந்து நிறைய இருந்தும் இல்லை என்றே தெரியும், அரசுக்கு அவசரக் கடிதம் போகும். தனித்தனி முதலாளிகளின் கடைகளுக்கு இடையே சரக்கு மாறும்போதும் இதே சிக்கல்தான்; கொடுக்கிறவருக்கு என்ன விலை என்பதைச் சரியாக வைக்காவிட்டால் ஒன்று யாருமே கொடுக்கமாட்டார்கள், அல்லது ஒருவர் மற்றவரை நம்பித் தன் அலமாரியைக் காலியாக வைப்பார்.

பக்கவாட்டு மாற்றம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதை ஒரு வருட மாற்றப் பத்தியைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்த மாதம் தெற்கிலிருந்து வடக்குக்கு, இரண்டு மாதம் கழித்து வடக்கிலிருந்து மேற்குக்கு, பிறகு மேற்கிலிருந்து தெற்குக்கு என்று திசை மாறி மாறிப் போயிருந்தால் அது தற்செயல்தான், அதைச் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடு. எப்போதும் ஒரே திசையில், தெற்கிலிருந்து வடக்குக்கு மட்டுமே போயிருந்தால் அது அவசரமல்ல. வடக்கின் ஒதுக்கீடே தவறு. அதைத் திருத்தாமல் வண்டி விட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் எல்லாரிடமும் கேட்டு, அடிமட்டப் பத்தைத் தாண்டி யாரிடமும் எதுவும் இல்லாவிட்டால் அது மூன்றாவது நிலை. குப்பிகளை நகர்த்துவதில் அதற்குமேல் ஒரு பலனும் இல்லை, மாவட்டத்தின் மொத்தமே போதவில்லை.

அந்த மூன்றாவது நிலைக்கு வந்துசேரும்வரை காத்திருக்கவும் கூடாது, ஏனென்றால் குதிரையும் ஆய்வகமும் அவசரத்துக்கு வேகமாக ஓடாது. நான்கு அலமாரிகளின் கூட்டுத்தொகை, கிடங்கில் அறிக்கைக்காகக் காத்திருக்கும் பெட்டி, வழியில் வந்துகொண்டிருப்பது ஆகிய மூன்றையும் கூட்டி, உற்பத்தியாளரிடமிருந்து சரக்கு வந்து ஆய்வு முடியும்வரை மாவட்டம் முழுவதற்கும் வேண்டிய அளவோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தம் அதற்குக் கீழே இறங்கும் நாளில்தான் புது ஆர்டர் போக வேண்டும், வடக்கில் அலமாரி காலியான நாளில் அல்ல.